பேண்ட் இருக்கிறது, செயல்பாடு இல்லை: ஐஸில் எடுத்த லைசேட்டில் பிழை கண்டுபிடிக்கும் வழி

செல்லை உடைத்துப் புரதம் எடுக்கும்போது இரண்டு தேவைகள் ஒன்றோடொன்று மோதும். புரோட்டியேஸ்கள் புரதத்தை வெட்டாமல் தடுக்க வேண்டும். நாம் அளக்கப்போகும் நொதி உயிரோடு இருக்கவும் வேண்டும். முதல் தேவைக்காகச் சேர்க்கும் பொருளே பல நேரம் இரண்டாவதைக் கெடுத்துவிடுகிறது. வெஸ்டர்ன் பிளாட்டில் பேண்ட் பளிச்சென்று தெரியும், அளவீட்டில் நிறமே எழாது. அப்படி நடந்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதற்கான வழிமுறை இது.

உதாரணத்துக்கு ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதியை எடுத்துக்கொள்வோம். சாவோஸ்-2 என்ற மனித எலும்புப் புற்றுச் செல்களில் இது ஏராளமாக இருக்கிறது. இந்த நொதியின் ஒவ்வொரு துணை அலகுக்கும் இரண்டு துத்தநாக அயனிகளும் ஒரு மெக்னீசியமும் தேவை. அதோடு இது செல்லின் வெளிச்சவ்வில் ஜி.பி.ஐ. என்ற கொழுப்பு நங்கூரத்தால் பிணைந்திருக்கிறது. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு குணங்களிலிருந்தே பிறக்கின்றன.

முதலில், ஒப்பிட ஒரு சரியான முறை

10 செ.மீ. டிஷ் ஒன்றுக்கு 500 மைக்ரோலிட்டர் லைசிஸ் பஃபர் போதும். அதில் 25 மில்லிமோலார் டிரிஸ், 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 1 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 20 மைக்ரோமோலார் துத்தநாகக் குளோரைடு, 1 சதவீதம் ட்ரைட்டான் எக்ஸ்-100. பி.எச். 7.5 என்பதை 4 டிகிரியில் வைத்தே சரிசெய்யுங்கள். டிரிஸின் பி.எச். ஒவ்வொரு டிகிரி குளிருக்கும் ஏறக்குறைய 0.028 ஏறும். அறை வெப்பத்தில் 7.5 என்று வைத்த பஃபர் ஐஸில் 8.1 ஆகிவிடும்.

தடுப்பான்களைப் பயன்படுத்துவதற்குச் சற்று முன் சேருங்கள்: பி.எம்.எஸ்.எஃப். 1 மில்லிமோலார், லூபெப்டின் 10 மைக்ரோமோலார், பெப்ஸ்டாட்டின் 1 மைக்ரோமோலார், அப்ரோட்டினின் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம். ஈ.டி.டி.ஏ. வேண்டாம், காரணம் பின்னால் வரும்.

டிஷ்ஷை ஐஸ் மேல் வைத்து, குளிர்ந்த டிரிஸ் உப்புக் கரைசலால் இருமுறை கழுவுங்கள். சாய்த்து ஒரு நிமிடம் விட்டு, ஓரத்தில் சேரும் நீரையும் உறிஞ்சி எடுங்கள். பஃபரை ஊற்றி, ஸ்கிரேப்பரால் சுரண்டி, ட்யூபுக்கு மாற்றி, ஐஸில் 20 நிமிடம் வையுங்கள். இடையிடையே மெதுவாகத் தலைகீழாக்கினால் போதும். ட்ரிப்சின் போட்டுச் செல்லைப் பெயர்க்காதீர்கள். நாம் தடுக்கப் பார்ப்பதே புரோட்டியேஸை. அதையே கையால் ஊற்றிவிட்டுத் தடுப்பானைத் தேடுவதில் பொருளில்லை.

இங்கே ஒரு பழக்கம் மிக முக்கியம். சென்ட்ரிஃபியூஜில் சுற்றும் முன் 30 மைக்ரோலிட்டரைத் தனியே எடுத்து வையுங்கள். இதுதான் முழு லைசேட். பிறகு 4 டிகிரியில் 14,000 ஜி விசையில் 10 நிமிடம் சுற்றி, மேல்திரவத்தைப் பிரித்து, அடியில் படிந்த பெல்லட்டையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். முழு லைசேட், மேல்திரவம், பெல்லட் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் பாதிக் கேள்விகளுக்கு அன்றே விடை கிடைக்கும். இல்லையென்றால் அடுத்த வாரம் செல் வளர்த்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

அளவீடு: 1 மோலார் டைஎத்தனாலமைன், பி.எச். 9.8, மெக்னீசியம் குளோரைடு 0.5 மில்லிமோலார், பாரா-நைட்ரோஃபீனைல் பாஸ்பேட் 10 மில்லிமோலார், 37 டிகிரி. 1 மில்லிலிட்டர் குவெட்டில் 10 மைக்ரோலிட்டர் லைசேட்டைப் போட்டு, 405 நானோமீட்டரில் நிமிடத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். 0.12 ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் விளைபொருளின் ஒளியுறிஞ்சும் கெழு 18,500. 0.12-ஐ அதால் வகுத்தால் நிமிடத்துக்கு 6.5 மைக்ரோமோலார், அதாவது அந்த 1 மில்லிலிட்டரில் 6.5 நானோமோல். லைசேட்டில் மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் புரதம் இருந்தால் நாம் போட்டது 20 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமுக்கு 0.32 யூனிட் என்று வரும். கீழே ‘செயல்பாடு’ என்று சொல்லுமிடமெல்லாம் இந்தக் கடைசி எண்ணையே நினைத்துக்கொள்ளுங்கள். மொத்த நிற ஏற்றத்தை மட்டும் பார்த்தால், புரதம் குறைந்ததா நொதி கெட்டதா என்று பிரித்தறிய முடியாது.

அறிகுறி: புரத அளவே குறைவு

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பிராட்ஃபோர்டு முறையில் அளந்திருந்தால் முதலில் அந்த எண்ணையே சந்தேகியுங்கள். 0.1 சதவீதத்துக்கு மேல் ட்ரைட்டான் இருந்தால் அது சாயத்தோடு சேர்ந்து கணக்கைக் குழப்பும். பி.சி.ஏ. முறை இந்த டிடர்ஜென்டைத் தாங்கும். எந்த முறையானாலும் ஸ்டாண்டர்டுகளை அதே லைசிஸ் பஃபரில் கரைத்து வையுங்கள்.

எண் உண்மையாகவே குறைவு என்றால், சுரண்டி எடுத்த கலவையில் ஒரு துளியை ட்ரைபான் நீலத்தோடு கலந்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். நீலம் ஏறாத முழுச் செல்கள் தெரிந்தால் உடைப்பு போதவில்லை. எல்லாம் நீலமாக இருந்தும் புரதம் குறைவு என்றால், டிஷ்ஷில் தங்கிய கழுவுநீர் பஃபரை நீர்த்துப்போகச் செய்திருக்கும். சாய்த்து வடிக்காத டிஷ்ஷில் 0.3 மில்லிலிட்டர் தங்குவது எளிது. 500 மைக்ரோலிட்டர் பஃபர் ஊற்றினால் டிடர்ஜென்டும் தடுப்பானும் கணக்கிட்டதில் முக்கால் பங்குக்கும் கீழே போய்விடும்.

அறிகுறி: லைசேட் கோழையாக இழுபடுகிறது

டி.என்.ஏ. வெளியே வந்துவிட்டது. 1 சதவீத ட்ரைட்டானில் செல்சவ்வு திறக்கும், உட்கரு பெரும்பாலும் முழுதாக நிற்கும். கோழை தென்பட்டால் வோர்டெக்ஸ் பலமாக ஓடியிருக்கும், அல்லது பஃபரில் எஸ்.டி.எஸ். இருந்திருக்கும். செயல்பாடு அளக்கும் வேலைக்கு எஸ்.டி.எஸ். உள்ள ரைபா பஃபரைத் தவிர்ப்பது நல்லது.

சரிசெய்ய, 25 கேஜ் ஊசி வழியாக ஐந்தாறு முறை மெதுவாக இழுத்து விடுங்கள். அல்லது மில்லிலிட்டருக்கு 25 யூனிட் பென்சோனேஸ் சேர்த்து ஐஸில் 15 நிமிடம் வையுங்கள். பென்சோனேஸுக்கு மெக்னீசியம் வேண்டும். மேலே சொன்ன பஃபரில் அது இருக்கிறது. சானிகேட்டரை எடுக்காமலிருப்பதே நல்லது. ட்யூப் ஐஸில் இருந்தாலும் முனையைச் சுற்றியுள்ள திரவம் நொடிகளில் சூடேறும். எலும்பு வகை ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 56 டிகிரியில் சில நிமிடத்திலேயே செயலிழக்கக்கூடியது. நுரை எழுவதும் புரதத்துக்குக் கேடு.

அறிகுறி: பேண்ட் சிதைந்து, கீழே சிறு பேண்டுகள்

புரோட்டியேஸ் வேலை செய்திருக்கிறது. எப்போது என்பதுதான் கேள்வி. இதற்குத் தெளிவான சோதனை ஒன்று உண்டு. அதே செல்கள் உள்ள இன்னொரு டிஷ்ஷைக் கழுவியதும், ஐஸ் எதுவும் வேண்டாம், கொதிக்கும் எஸ்.டி.எஸ். சாம்பிள் பஃபரை நேரடியாக அதன் மேல் ஊற்றிச் சுரண்டுங்கள். அந்த நொடியில் எல்லா நொதிகளும் நின்றுவிடும். இந்த மாதிரியிலும் அதே சிறு பேண்டுகள் தெரிந்தால் வெட்டு செல்லுக்குள்ளேயே நடந்தது. அதை எந்தத் தடுப்பானாலும் நீங்கள் சரிசெய்ய முடியாது. இதில் பேண்ட் முழுதாக இருந்து, ஐஸில் எடுத்ததில் மட்டும் சிதைந்திருந்தால் தவறு லைசேட்டில்.

அப்போது முதல் சந்தேகம் பி.எம்.எஸ்.எஃப். மேல்தான். நீரில் இது வேகமாகச் சிதையும். 25 டிகிரியில், பி.எச். 7.0-ல் 110 நிமிடத்தில் பாதி போய்விடும்; 7.5-ல் 55 நிமிடம், 8.0-ல் 35 நிமிடம்தான். காலையில் கலந்து மேசை மேல் வைத்த பஃபரில் மதியம் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஐஸில் சிதைவு மெதுவாகும் என்றாலும், டிரிஸின் பி.எச். குளிரில் 8.1-க்கு ஏறியிருந்தால் அந்த லாபத்தில் ஒரு பங்கு கரைந்துவிடும்.

இரண்டாவது, அது கரைவதே சிரமம். 100 மில்லிமோலார் ஸ்டாக் செய்ய, மில்லிலிட்டர் ஐசோபுரோப்பனாலில் 17.4 மில்லிகிராம். ஐஸ் குளிர் பஃபரில் இதைச் சொட்டிவிட்டுக் கலக்காமல் விட்டால், அடியில் வெண்மையான ஊசிப் படிகங்கள் படியும். ட்யூபை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அவை மினுங்குவது தெரியும். படிகமாகப் படிந்தது புரோட்டியேஸைத் தொடாது. பஃபர் சுழன்றுகொண்டிருக்கும்போதே ஊற்றுங்கள், உடனே செல்லின் மேல் விடுங்கள். 20 நிமிட லைசிஸின் நடுவில் இன்னொரு அரை மில்லிமோலார் சேர்ப்பதும் பயன் தரும். பி.எம்.எஸ்.எஃப். கடும் நச்சு, கையுறை அணிந்து, எடை போடுவதை ஃப்யூம் ஹூடில் செய்யுங்கள். நீரில் கரையும், நீடித்து நிற்கும் மாற்று வேண்டுமானால் ஏ.ஈ.பி.எஸ்.எஃப். 1 மில்லிமோலார்.

பி.எம்.எஸ்.எஃப். சரியாக இருந்தும் சிதைவு நிற்கவில்லை என்றால் எந்தக் குடும்பம் விடுபட்டது என்று பாருங்கள். அது முக்கியமாக செரின் வகையைத்தான் பிடிக்கும். லூபெப்டின் செரின், சிஸ்டீன் வகைகளில் பலவற்றையும், பெப்ஸ்டாட்டின் லைசோசோமிலிருந்து வரும் கத்தெப்சின் டி போன்ற அமில வகையையும் தடுக்கும். ஈ.டி.டி.ஏ. இல்லாத நம் கலவையில் உலோகப் புரோட்டியேஸ்கள் திறந்தே கிடக்கின்றன. அந்த இடைவெளியைக் குளிராலும் வேகத்தாலும்தான் மூட வேண்டும். சுரண்டியதிலிருந்து மேல்திரவம் பிரிப்பது வரை 40 நிமிடத்துக்குள் முடியுங்கள். சென்ட்ரிஃபியூஜின் ரோட்டரையும் முன்கூட்டியே குளிர வையுங்கள். அறை வெப்பத்தில் கிடந்த ரோட்டர், திரையில் 4 டிகிரி என்று காட்டிக்கொண்டே ட்யூபைச் சூடாக்கும்.

அறிகுறி: பேண்ட் முழுதாக இருக்கிறது, செயல்பாடு இல்லை

பலரும் இங்கேதான் தவறான பக்கம் போகிறார்கள். செயல்பாடு இல்லையென்றதும் புரோட்டியேஸைக் குற்றம் சொல்லித் தடுப்பானை இரட்டிப்பாக்குகிறார்கள். பேண்ட் முழுதாக இருக்கும்போது புரோட்டியேஸுக்கு இதில் பங்கிருக்க வாய்ப்பு குறைவு. தடுப்பான் கலவையைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

கடையில் வாங்கும் தடுப்பான் மாத்திரைகள் ஈ.டி.டி.ஏ. உள்ளவை, இல்லாதவை என்று இரண்டு வகையாக வருகின்றன. ஈ.டி.டி.ஏ. உள்ளதைப் போட்டால், அது உலோகப் புரோட்டியேஸின் துத்தநாகத்தோடு நம் நொதியின் துத்தநாகத்தையும் மெல்லப் பிடுங்கிவிடும். “அளவீட்டுக் கரைசலில் மெக்னீசியம் இருக்கிறதே, ஈ.டி.டி.ஏ. அதைப் பிடித்துக்கொள்ளாதா?” என்று கேட்கலாம். பிடிக்கும்; ஆனால் ஈ.டி.டி.ஏ. துத்தநாகத்தை மெக்னீசியத்தைவிடப் பல கோடி மடங்கு இறுக்கமாகப் பற்றக்கூடியது. பிணைப்பு மாறிலியின் மடக்கை துத்தநாகத்துக்கு 16.5, மெக்னீசியத்துக்கு 8.7. மெக்னீசியம் எவ்வளவு சேர்த்தாலும் துத்தநாகத்துக்குக் காவலாகாது.

அடுத்த சந்தேகம் பாஸ்பட்டேஸ் தடுப்பான். பாஸ்போ-புரத வெஸ்டர்னுக்காக எடுத்த அதே லைசேட்டில் வனடேட்டும் பீட்டா-கிளிசரோபாஸ்பேட்டும் இருக்கும். வனடேட் ஆல்கலைன் பாஸ்பட்டேஸை நேரடியாக அடக்கும். பீட்டா-கிளிசரோபாஸ்பேட் அதே நொதியின் தளப்பொருள் என்பதால் போட்டிக்கு வரும். இரண்டு வேலைக்கும் ஒரே லைசேட் ஒத்துவராது, டிஷ்ஷைப் பிரித்துக்கொள்ளுங்கள். பி.பி.எஸ்ஸில் கழுவினால் அதிலுள்ள 10 மில்லிமோலார் பாஸ்பேட்டும் போட்டித் தடுப்பான்தான். டி.டி.டி. சேர்ப்பதும் வேண்டாம், அது டைசல்ஃபைடு பிணைப்பைத் திறக்கும், துத்தநாகத்தையும் பிடிக்கும்.

இவற்றில் எது என்று கண்டுபிடிக்க இரண்டு எளிய சோதனைகள் போதும்.

முதலாவது நீர்ப்புச் சோதனை. லைசேட்டை லைசிஸ் பஃபரில் (தடுப்பான் எதுவும் சேர்க்காதது) 5 மடங்கும் 25 மடங்கும் நீர்த்து, அதே 10 மைக்ரோலிட்டர் எடுத்து அளந்து, ஒரு மில்லிகிராமுக்கான எண்ணைக் கணக்கிடுங்கள். நீர்க்க நீர்க்க அந்த எண் ஏறினால், பாஸ்பேட், வனடேட் போல விலகக்கூடிய தடுப்பான் ஒன்று கூடவே வருகிறது. எண் தாழ்ந்தே நின்றால் சேதம் ட்யூபுக்குள்ளேயே நடந்துமுடிந்துவிட்டது; உலோகம் போயிருக்கும், அல்லது புரதம் குலைந்திருக்கும்.

இரண்டாவது கலப்புச் சோதனை. நல்ல செயல்பாடு காட்டும் பழைய லைசேட் ஒன்றைச் சந்தேகத்துக்குரியதோடு சமமாகக் கலந்து, ஒரு பங்கை உடனேயும் இன்னொன்றை ஐஸில் ஒரு மணி நேரம் வைத்தும் அளங்கள். இரண்டின் சராசரி வந்தால் கெட்ட லைசேட்டில் தடுக்கும் பொருள் இல்லை. உடனே குறைந்திருந்தால் விலகக்கூடிய தடுப்பான். முதலில் சரியாக இருந்து ஒரு மணி நேரத்தில் சரிந்தால், உலோகம் பிடுங்கும் ஈ.டி.டி.ஏ.வின் கைவரிசையாக இருக்கும்.

ஈ.டி.டி.ஏ. என்று உறுதியானால், சிறு டீசால்டிங் குழாய் வழியாக அனுப்பி, 20 மைக்ரோமோலார் துத்தநாகமும் 1 மில்லிமோலார் மெக்னீசியமும் உள்ள டிரிஸ் பஃபருக்கு மாற்றி, அரை மணி நேரம் வையுங்கள். ஓரளவு செயல்பாடு திரும்பும். திரும்பினால் காரணம் உறுதிப்படும். அந்த எண்ணை முடிவாக எழுதிவிடாதீர்கள், செல்லில் உண்மையில் எவ்வளவு இருந்தது என்பதை அது சொல்லாது. துத்தநாகத்தை மேலும் கூட்டுவதும் பயன் தராது. அளவு மிஞ்சினால் அது மெக்னீசியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்து நொதியைத் தடுக்கும்.

வேறு நொதிக்கு இதே கலவையை எடுத்துச் செல்வோருக்கு ஒரு எச்சரிக்கை. பி.எம்.எஸ்.எஃப். ஆல்கலைன் பாஸ்பட்டேஸுக்குத் தொல்லை தருவதில்லை. மனித அசிட்டைல்கோலின் எஸ்டரேஸை அளப்பவருக்கு அதுவே எதிரி. அந்த நொதியின் வினைத்தளத்திலுள்ள செரினை அது நிரந்தரமாகப் பிணைத்துவிடும். கலவையின் ஒவ்வொரு பொருளும் எந்த வேதிக் குழுவைப் பிடிக்கிறது என்று பார்த்து, உங்கள் நொதியிலும் அது இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: முழு லைசேட்டில் செயல்பாடு நன்று, மேல்திரவத்தில் பாதிகூட இல்லை

சுற்றும் முன் எடுத்த 30 மைக்ரோலிட்டர் இங்கே உதவும். முழு லைசேட்டின் மொத்தச் செயல்பாட்டை 100 என்று கொண்டால், மேல்திரவத்தில் 35, பெல்லட்டில் 60 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 95. நொதி கெடவில்லை, தவறான பக்கம் போய்விட்டது. கூட்டுத்தொகை 40 என்று வந்திருந்தால்தான் வழியில் செத்தது என்று பொருள்.

பெல்லட்டை அளக்க, லைசிஸ் பஃபரில் அதே கனஅளவுக்குக் கலக்கி எடுங்கள். கலங்கலாக இருக்கும், அது ஒளியைச் சிதறடித்துத் தொடக்க எண்ணை உயர்த்தும். நிமிடத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதையே பார்ப்பதால் அது தடையாகாது.

செல் உடையாததால் பெல்லட்டில் தங்கியதா? சைட்டோசோலில் கரைந்திருக்கும் லாக்டேட் டீஹைட்ரஜனேஸை மூன்று மாதிரிகளிலும் அளந்தால் தெரியும். அது முழுக்க மேல்திரவத்தில் இருந்தால் செல்கள் திறந்துவிட்டன, உடைப்பில் குறையில்லை.

மீதியுள்ள காரணம் ஐஸ்தான். ஜி.பி.ஐ. நங்கூரமுள்ள புரதங்கள் சவ்வில் கொலஸ்ட்ராலும் ஸ்ஃபிங்கோலிப்பிடும் செறிந்த பகுதிகளில் கூடும். அந்தப் பகுதிகள் 4 டிகிரியில் ட்ரைட்டானுக்குக் கரையாது. 1992-ல் பிரவுனும் ரோஸும் எம்.டி.சி.கே. செல்களில் நஞ்சுக்கொடி வகை ஆல்கலைன் பாஸ்பட்டேஸை வைத்தே இதைக் காட்டினார்கள். நொதியைக் காக்க வைத்த குளிரே அதைப் பெல்லட்டில் பூட்டிவைக்கிறது.

வெப்பத்தைக் கூட்டினால் ட்ரைட்டானில் கரையும்; கூடவே புரோட்டியேஸ்களும் எழும். டிடர்ஜென்டை மாற்றுவதே சரியான வழி. ட்ரைட்டானுக்குப் பதில் ஆக்டைல் குளுக்கோசைடு 60 மில்லிமோலார், அதாவது மில்லிலிட்டருக்கு 17.5 மில்லிகிராம். ஐஸிலேயே இந்தப் பகுதிகளை இது கரைக்கும். இது மைசெல் ஆகத் தொடங்கும் செறிவு 20 முதல் 25 மில்லிமோலார். டிஷ்ஷில் தங்கிய கழுவுநீரால் நீர்த்து அதற்கு அருகில் வந்தாலே கரைப்பது நின்றுவிடும். வடிப்பதைச் சற்று அக்கறையோடு செய்யச் சொன்னது இதற்கும்தான். மாற்றியபின் மூன்று மாதிரிகளையும் மறுபடி அளங்கள். பெல்லட்டின் எண் சரிந்து மேல்திரவம் ஏறியிருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் அளப்பது நம் நொதியைத்தானா என்று ஒருமுறை உறுதிசெய்யலாம். குவெட்டில் 1 மில்லிமோலார் லெவமிசோல் சேர்த்தால் எலும்பு வகை ஆல்கலைன் பாஸ்பட்டேஸின் நிற ஏற்றம் பெருமளவு நின்றுவிட வேண்டும்.

அறிகுறி: காலையில் இருந்தது, மாலையில் இல்லை

லைசேட்டை மிகவும் நீர்த்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே போனால் புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக் குறையும். நீர்க்கும் பஃபரில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் பி.எஸ்.ஏ. சேருங்கள். புரத அளவை அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

உறைய வைப்பதானால் 10 சதவீத கிளிசரால் சேர்த்து, 50 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து, திரவ நைட்ரஜனில் சட்டென்று உறையவிட்டு, மைனஸ் 80-ல் வையுங்கள். ஒரு பங்கை ஒருமுறைதான் உருக்க வேண்டும். உருகியதை மறுபடி உறையவிடுவது புரதத்தைக் குலைக்கும், பி.எம்.எஸ்.எஃப். அதற்குள் செத்திருக்கும் என்பதால் புரோட்டியேஸுக்கும் வழி திறந்துவிடும். உருகிய பங்கில் வேலை தொடர்ந்தால் அதைப் புதிதாகச் சேருங்கள்.

இத்தனையும் சரியாக இருந்து, ஐஸில் வைக்க வைக்கச் செயல்பாடு மட்டும் சரிகிறது, அறை வெப்பத்தில் வைத்த பங்கு நிலைக்கிறது என்றால், உங்கள் நொதி குளிரைத் தாங்காத இனமாக இருக்கலாம். ஆல்கலைன் பாஸ்பட்டேஸுக்கு இந்தக் குணம் இல்லை. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து பிரித்த எஃப்1-ஏ.டி.பி.யேஸ் அப்படிப்பட்டது, குளிரில் அதன் துணை அலகுகள் பிரிந்துவிடும். அத்தகைய நொதிக்கு லைசிஸை ஐஸில் முடித்துச் சுற்றியெடுத்ததும் மேல்திரவத்தை 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, தாமதிக்காமல் அளந்துவிடுங்கள். அந்த வெப்பத்தில் புரோட்டியேஸ்கள் விழித்துக்கொள்ளும் என்பதால், அந்த நொதியைத் தொடாத தடுப்பான்களை முழு அளவில் சேர்த்திருக்க வேண்டும்.